பூசாமல் விட்ட ஒரு சாண்

"அண்ணே, மறுபடியும் பூத்துடுச்சு."

தங்கை போனில் சொன்னது அவ்வளவுதான். பூத்துவிட்டது என்றதும் செடி, கொடி, வாசனை என்று நினைப்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள். பெயிண்டருக்கு அந்தப் பாக்கியம் இல்லை. ஒரு கடை வாசலில் ஏணிமேல் நின்று பலகைக்கு மஞ்சள் அடித்துக்கொண்டிருந்தவன், பிரஷ்ஷை டப்பாவின் விளிம்பில் வைத்துவிட்டு இறங்கினான். இந்தப் பேச்சை ஏணியில் நின்று பேச முடியாது என்று அவனுக்குத் தெரியும்.

"எதுவரைக்கும்மா?"

"இடுப்பு வரைக்கும். போன தடவை அடிச்சுக் குடுத்தியே, பத்து வருஷம் அசையாதுன்னு, அது தகடு தகடா உரியுது. அது முடியற இடத்துக்கு மேலயும் வெள்ளை வெள்ளையா வந்திருக்கு. இன்னும் பன்னெண்டு நாள்ல அந்த அதிகாரியம்மா வர்றாங்க. போன வருஷமே எழுதி வச்சுட்டுப் போனாங்க, ஞாபகமிருக்கா?"

ஞாபகம் இல்லாமல் என்ன! 'முன் அறையின் கீழ்ச்சுவர் உரிகிறது. அடுத்த ஆய்வுக்குள் சரிசெய்யாவிட்டால் அனுமதி புதுப்பிக்கப்படாது.' அந்தக் காகிதத்தை அவள் அலமாரிக் கதவில் ஒட்டி வைத்திருந்தாள். அந்த முன் அறைதான் அவளுடைய குழந்தைகள் காப்பகம். வேலைக்குப் போகிற தாய்மார்கள் காலையில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போகிற பதினொரு குழந்தைகள். புருஷன் போனபிறகு அவள் தன் காலில் நிற்கப் பிடித்துக்கொண்ட ஒரே கொம்பு அது.

"நான் இருக்கேன்ல. வந்து பாக்கறேன்" என்றான்.

நான் இருக்கேன்ல! இந்த மனுஷன் வாழ்நாளில் எத்தனை தடவை அந்த வார்த்தையைச் சொல்லியிருப்பான் என்று கணக்கே கிடையாது. சொல்லும்போதெல்லாம் நெஞ்சு ஒரு விரற்கடை நிமிரும். அன்றைக்கு நிமிரவில்லை. ஏனென்றால் அந்தச் சுவர் ஏன் பூக்கிறது என்பது ஒரு மாதமாக அவனுக்குத் தெரியும்.

கதையை முதலிலிருந்து சொன்னால்தான் அவன் எந்தக் குழியில் விழுந்து கிடந்தான் என்பது விளங்கும்.

அந்த வீட்டைத் தங்கையின் வீட்டுக்காரர் தன் கையாலேயே கட்டினார். கொத்தனார். ஊருக்கெல்லாம் ஆறுநாள் கட்டிவிட்டு, ஏழாம் நாள் தன் வீட்டுக்குக் கல் வைப்பார். மூன்று வருஷம் இழுத்தது. பேச்சு குறைவு. கேட்ட கேள்விக்கு ஒரு சிரிப்பு, ரொம்ப நெருக்கினால் இரண்டு வார்த்தை. வீடு முடிந்த புதிதில் பெயிண்டர் சுற்றிப் பார்த்தபோது, வெளிச்சுவரின் அடியில் ஒரு சாண் உயரத்துக்குப் பூச்சே இல்லாமல் செங்கல் பல்லிளித்துக்கொண்டு இருந்தது. அதன் நடுவே கறுப்பாக ஒரு கோடு, தார் சிந்தினமாதிரி, வீட்டைச் சுற்றி ஓடியது.

"என்ன மாப்ளே, கடைசி ஒரு சாணுக்கு சிமெண்ட் பத்தலையா?" என்று கேட்டான்.

மாப்பிள்ளை சிரித்தார். "அது அப்படியே கிடக்கட்டும் மச்சான். அதைத் தொடாதீங்க."

சோம்பேறித்தனத்தை மறைக்கிறார் என்று பெயிண்டர் நினைத்துக்கொண்டான். ஆனாலும் மாப்பிள்ளை ஆயிற்றே, விட்டுவிட்டான்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் மாப்பிள்ளைக்கு வேலை இடத்திலேயே நெஞ்சுவலி. காலையில் போனவர் மத்தியானம் இல்லை. தங்கை இடிந்துபோய் உட்கார்ந்திருந்தாள். எழுந்தபோது, காப்பகம் வைக்கப்போகிறேன் என்றாள். முன் அறை தயார். ஆனால் வாசலில் மழை பெய்தால் முழங்கால் சேறு, அறைக்கும் முற்றத்துக்கும் நடுவே உயரமான படி. முதல் வாரமே ஒரு குழந்தை உருண்டு விழுந்து உதடு கிழிந்தது.

பெயிண்டருக்கு அப்போது ஒரு வேகம் வந்தது பாருங்கள்! தங்கைக்கு ஏதாவது செய்தே ஆகவேண்டும். எங்கேயோ இடித்த வீட்டுச் சல்லியையும் மண்ணையும் வண்டியில் கொண்டுவந்து கொட்டினான். தானே நிரப்பி, தானே இடித்துக் கெட்டிப்படுத்தி, தானே காங்கிரீட் போட்டான். முற்றம் அறைத் தரையோடு சமமாக எழுந்தது. படி என்ற பேச்சே இல்லை. குழந்தைகள் அறையிலிருந்து நேராக வெளியே ஓடலாம். அந்தப் பூசாத சாண், கறுப்புக் கோடு எல்லாம் உள்ளே போய்விட்டது. "மாப்ளே விட்டுவச்ச வேலையையும் சேர்த்து முடிச்சுட்டேன்" என்று தங்கையிடம் சொன்னான். அவள் அழுதாள். "நீ இல்லேன்னா நான் என்ன ஆகியிருப்பேன் அண்ணே" என்றாள். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு அவன் இரண்டு வருஷம் சந்தோஷமாக இருந்தான்.

அடுத்த மழைக்காலம் முடிந்து வெயில் வந்ததும் முன் அறைச் சுவர் கணுக்கால் உயரத்தில் வெள்ளையாகப் பூத்தது. தொட்டால் மாவு. நாக்கில் வைத்தால் கரிப்பு. பெயிண்ட் கொப்பளம் கொப்பளமாக எழும்பி, அழுத்தினால் மொறுமொறுவென்று நொறுங்கியது.

முதல் வருஷம் துடைத்துவிட்டுப் பெயிண்ட் அடித்தான். இரண்டாம் வருஷம் சுரண்டி, பட்டி பார்த்து, எண்ணெய்ப் பெயிண்ட் அடித்தான். வெள்ளை முழங்காலுக்கு ஏறியது. போன வருஷம் அவன் கொண்டுவந்தது தண்ணீர் நுழையாத பூச்சு. ரப்பர் மாதிரி கெட்டி. வாளி வாளியாக வாங்கி மூன்று கை கொடுத்தான். தண்ணீர் நுழையவில்லை, அது வாஸ்தவம். உள்ளே இருந்த தண்ணீர் வெளியேறவும் இல்லை. வெளியேற வழி தேடி மேலே ஏறியது.

ஒவ்வொரு தடவையும் தங்கை கேட்பாள், "ஏன் அண்ணே இப்படி ஆகுது?"

ஒவ்வொரு தடவையும் அவன் சொன்ன பதில் ஒன்றுதான். "மாப்ளே மணல்ல ஏமாந்துட்டார்ம்மா. உப்பு மணல். போட்ட அன்னிக்கே விதி எழுதியாச்சு. நாம என்ன செய்யறது?"

வேண்டுமென்று சொன்ன பொய் இல்லை, நம்பித்தான் சொன்னான். ஆனால் பாருங்கள், செத்தவர் எழுந்துவந்து இல்லை என்று சொல்லப்போவதில்லை அல்லவா, அதனால் சொல்ல ரொம்பச் சுலபமாக இருந்தது. தங்கை முதலில் "அவர் அப்படி ஏமாறமாட்டாரே" என்றாள். அப்புறம் ஒன்றும் சொல்லாமல் கேட்டுக்கொண்டாள். மூன்றாம் வருஷம், குழந்தைகளைக் கூட்டிப்போக வந்த தாய்மார்களிடம் அவளே சொல்ல ஆரம்பித்தாள்: "எங்க வீட்டுக்காரர் பண்ணின வேலை. ஊரான் வீடெல்லாம் நல்லா கட்டினார்." அந்தச் சுவரில் மாட்டியிருந்த அவர் படத்தின் பின்னட்டை அறையின் ஈரக்காற்றில் நமுத்துப் பூஞ்சை பிடித்தது. கழற்றி அலமாரிக்குள் கவிழ்த்து வைத்தாள். "கட்டினவருக்கே இந்தச் சுவத்துல இடமில்லை" என்று சிரித்தாள். சிரிப்பா அது?

போன மாதம் ஒரு மருத்துவமனையில் வேலை. பெயிண்டருடன் இருந்த கொத்தனாருக்கு ரசமட்டம் என்று பட்டப்பெயர், மட்டம் பார்க்கிற கருவியின் பெயர். பேச்சில் ஒரு நூல் பிசகமாட்டான், ஆனால் ஒரு கால் குட்டை என்பதால் நடை மட்டும் சாய்மானம். அங்கேயும் ஒரு சுவர் பூத்திருந்தது. பெயிண்டர் சுரண்டுதகட்டை எடுத்தான்.

"அட இருய்யா, நோயைப் பாக்காம பவுடர் பூசப் போறியே" என்று ரசமட்டம் அவனை வெளிப்பக்கம் இழுத்துப்போனான். சுவரை ஒட்டி யாரோ பூச்செடிக்கு மண்ணை அணைத்து வைத்திருந்தார்கள். ரசமட்டம் மண்வெட்டியால் அதை வழித்துத் தள்ளினான். உள்ளே ஈரச் செங்கல், அதில் கறுப்பாக ஒரு கோடு.

"இதான் சூட்சுமம். அஸ்திவாரம் முடியற இடத்துல காங்கிரீட்டைப் படலமாப் போட்டு மேல தாரை ஊத்தறது. பூமியிலேர்ந்து ஏறற ஈரம் இதோட நிக்கும், மேல இருக்கற செங்கலுக்குப் போகாது. இவனுங்க மண்ணை இதுக்கு மேல ஏத்தி வச்சுட்டானுங்க. ஈரம் தாரைத் துளைக்க வேண்டிய அவசியமே இல்லை, சுத்திக்கிட்டுப் போகுது. போற வழியில மண்ணுல இருக்கற உப்பு, செங்கல்லுல இருக்கற உப்பு எல்லாத்தையும் கரைச்சுக்கிட்டுப் போகுது. உள்சுவத்துல காத்துப்பட்டு தண்ணி காயுது, உப்பு நின்னுடுது. நின்ன உப்பு பெயிண்டைத் தள்ளுது. விவரமான கொத்தன் இந்த இடத்துல பூசக்கூட மாட்டான், தெரியுமா? ஒரு சாண் வெறுமனே விட்டுடுவான்."

பெயிண்டருக்குக் கையிலிருந்த தகடு கீழே விழுந்தது கூடத் தெரியவில்லை.

"மண்ணை எடுத்துட்டா சரியாயிடுமா?" என்று கேட்டான்.

"உடனேவா? நல்லாக் கேட்டே. மண்ணை எடுக்கணும். உப்பு ஊறின உள்பூச்சை, வெள்ளை தெரியற இடத்துக்கு மேல இன்னும் ஒரு முழம் வரைக்கும் கொத்தி எடுக்கணும். காஞ்ச பிரஷ்ஷால உப்பைத் தட்டிக் கூட்டி வெளியே கொட்டணும், தண்ணி போட்டுக் கழுவினா திரும்பக் கரைஞ்சு உள்ளேயே போயிடும். அப்புறம் சுவரைக் காய விடணும். அங்குலத்துக்கு ஒரு மாசம். ஒன்பது அங்குலச் சுவருக்கு ஒன்பது மாசம். பிள்ளை பெக்கறதும் சுவர் காயறதும் ஒண்ணுதான்யா, அவசரப்பட்டா நடக்காது. கடைசியா சுண்ணாம்புக் காரை, அதுக்கு மேல வெள்ளையடிப்பு. சுவர் மூச்சு விடணும்."

அன்று சாயங்காலமே தங்கையிடம் ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னானா? நாளைக்கு, நாளைக்கு என்று முப்பது நாளை விழுங்கினான். அவனுக்கு பயம். தங்கை திட்டுவாள் என்று இல்லை, அவள் திட்டத் தெரியாதவள். 'நீ இல்லேன்னா நான் என்ன ஆகியிருப்பேன்' என்று இனி ஒருநாளும் சொல்லமாட்டாளே, அந்த பயம்.

போன் வந்த மறுநாள் காலையில் போனான். குழந்தைகள் வருமுன் அவள் ஈரத்துணியால் சுவரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தினமும் இதைச் செய்கிறாள். துடைத்தால் வெள்ளை போய்விடும், மத்தியானம் காய்ந்ததும் திரும்ப வரும்.

"ஈரத்துணி போடாதம்மா. காஞ்ச பிரஷ்ஷால தட்டி எடு."

"ஏன்?"

"துடைக்கத் துடைக்க உப்பு கரைஞ்சு திரும்ப உள்ளே போகுது."

"அட, இத்தனை நாளும் நீ சொல்லவேயில்லையே!" என்றாள். கோபமில்லை, ஆச்சரியம்தான். அவனுக்குச் சுருக்கென்றது.

அதற்குள் ஒரு சின்னப்பெண் வந்துவிட்டாள், இரண்டு வயது இருக்கும். நேராகச் சுவரிடம் போய் உரிந்த பெயிண்ட் ஒன்றைப் பிய்த்து வாயில் போட்டாள். தங்கை பாய்ந்துபோய் விரலை விட்டு எடுத்தாள். "இதுக்குத்தான் அண்ணே அந்தம்மா எழுதினது. அவங்க மேல தப்பே இல்லை. எனக்கே ராத்திரி தூக்கம் வர்றதில்லை" என்று சொல்லிக்கொண்டே குழந்தையின் வாயைத் துடைத்தாள். "அந்த மனுஷன் உயிரோட இருந்தா நாலு கேள்வி கேட்டிருப்பேன். இப்படியா கட்டறது பொண்டாட்டி பிள்ளை இருக்கற வீட்டை?"

இப்போது சொல், இப்போது சொல் என்று உள்ளே ஒன்று அவனைக் குத்தியது. வாயைத் திறந்தான். வந்தது வேறு. "பலகை அடிச்சுடலாம்மா. பிளாஸ்டிக் பலகை. மார் உயரத்துக்கு. ரெண்டு நாள் வேலை. பளபளன்னு இருக்கும், பிள்ளைங்க கை படாது."

"உரியாதே?"

"உரியறதுக்கு அதுல பெயிண்டே இல்லையே."

அவள் முகம் மலர்ந்துவிட்டது. ஐயோ, அந்த முகத்தைப் பார்த்த பிறகு எதைச் சொல்வது!

சட்டம் அடிக்கத் துளை போட்டபோது தூள் பறக்கவில்லை. பிசைந்த மாவு மாதிரி ஈரமாகத் துளைக்கம்பியில் சுற்றிக்கொண்டு வந்தது. ஆணி கெட்டியாகப் பிடிக்கிற இடம் தேடிச் சட்டங்களை இறுக்கி, மேலே இளம் பச்சைப் பலகைகளை வரிசையாக மாட்டினான். வேலை சுத்தம். அதில் குறை சொல்ல முடியாது. பூசி மெழுகுவதில் அவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. தாய்மார்கள் பார்த்துவிட்டு நல்லா இருக்கே என்றார்கள். தங்கை தன் கையாலேயே பலகைமேல் காகிதத்தில் வெட்டிய மீன்களை ஒட்டினாள்.

மீதியிருந்த ஒன்பது நாளில் ஏழுநாள் மழை.

அதிகாரியம்மா வந்தது ஒரு மூடாக்கான காலை. நாற்பது வயது இருக்கும், காலில் சேறு படாத செருப்பு, கையில் ஒரு அட்டை. சிடுசிடுப்பெல்லாம் கிடையாது, குழந்தைகளோடு நன்றாகப் பேசினாள். சமையல் இடம், தண்ணீர், கழிப்பறை எல்லாவற்றுக்கும் சரி போட்டாள். முன் அறைக்கு வந்ததும் நின்றாள். மூக்கைச் சுருக்கினாள். பழைய சாக்கு நனைந்த வாடை, பெயிண்டருக்கும் அடித்தது. பலகை முடிகிற இடத்துக்கு மேலே நாலு விரற்கடை உயரத்துக்குச் சுவர் கருத்திருந்தது. நேற்றுவரை அது இல்லை.

"ஒரு பலகையைக் கழட்டுங்க" என்றாள்.

"மேடம், இப்பத்தான் அடிச்சது..."

"அதனாலதான் கழட்டச் சொல்றேன்."

பெயிண்டர் திருப்புளியை எடுத்தான். அது திருகின் தலையில் மூன்று தடவை வழுக்கியது. மீன் ஒட்டின பலகை சுவரிலிருந்து வந்தபோது அதன் முதுகில் தண்ணீர் முத்து முத்தாக நின்றது. பின்னால் வெள்ளையே இல்லை. பூப்பதற்குக் காற்று வேண்டுமே. கறுப்பாகப் பூஞ்சைதான் புள்ளி புள்ளியாகப் பரவியிருந்தது. அதிகாரியம்மா பேனாவின் முனையால் லேசாகத் தொட்டாள். உள்ளங்கை அகலத்துக்குப் பூச்சு கழன்று சொத்தென்று தரையில் விழுந்தது. ஒரு குழந்தை கைதட்டியது.

"யார் செஞ்ச வேலை இது?"

பெயிண்டர் வாய் திறக்குமுன் தங்கை முன்னால் வந்து நின்றாள். அண்ணனை மறைத்துக்கொண்டு நின்றாள்.

"எங்கண்ணன் மேல தப்பில்லை மேடம். அவரு வருஷா வருஷம் வந்து பாத்துப் பாத்துச் செய்யறாரு. வீடு கட்டினவர் சரியாக் கட்டலை. எங்க வீட்டுக்காரர்தான். உப்பு மணலைப் போட்டு, அரைகுறையா விட்டுட்டுப் போயிட்டார். நாங்க என்ன மேடம் செய்யறது?"

பெயிண்டர் பின்னால் நின்றான். கையில் திருப்புளி. முன்னால் தங்கையின் முதுகு. ஒரு வார்த்தை, ஒரே வார்த்தை போதும். அவன் தரையில் விழுந்த பூச்சைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

"கட்டினவர் யாரா இருந்தாலும், இந்த அறையில குழந்தைகளை வைக்க முடியாதும்மா" என்றாள் அதிகாரியம்மா. "மன்னிச்சுக்கங்க. சுவர் காஞ்சதும் மறுபடி எழுதிப் போடுங்க, நானே வந்து பாக்கறேன்." அவளுக்கும் சங்கடம்தான். காகிதத்தை நீட்டிவிட்டு, வாசலில் நின்று ஒருதடவை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனாள்.

அந்த வாரக் கடைசியில் பதினொரு குழந்தைகளும் போய்விட்டார்கள். தாய்மார்கள் ஆளாளுக்கு வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். வேலைக்குப் போகிறவர்கள், அவர்களால் ஒருநாள் கூடப் பொறுக்க முடியாது. பெயிண்ட் பிய்த்துத் தின்கிற அந்தச் சின்னப்பெண் மட்டும் போகமாட்டேன் என்று கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாளாம். தங்கை போனில் சொன்னாள்.

மறுநாள் விடிந்ததும் பெயிண்டர் சம்மட்டி, கடப்பாரை, உளி, சுத்தியல் எல்லாவற்றையும் சுமந்துகொண்டு போனான். கதவைத் தட்டவில்லை. நேராக முற்றத்தில் சுவரை ஒட்டி முதல் அடி போட்டான். ஆறு வருஷத்துக்கு முன் தானே போட்ட காங்கிரீட். நல்ல கலவை. லேசில் உடையவில்லை.

சத்தம் கேட்டுத் தங்கை வெளியே வந்தாள். தலை கூட வாரவில்லை. "என்ன அண்ணே பண்றே? சுவர் உள்ளேதானே கெட்டிருக்கு, முற்றத்தை ஏன் உடைக்கறே?"

"கொஞ்சம் இரும்மா."

ஒரு அடி அகலத்துக்கு உடைத்தான். அடியில் சல்லி, அதன் கீழே அவன் கொட்டின மண். மண் சொதசொதவென்று இருந்தது. அதை அள்ளி அள்ளி வெளியே போட்டான். உள்ளேயிருந்து மாப்பிள்ளையின் செங்கல் வந்தது. அப்புறம் அந்தக் கோடு வந்தது. கையாலேயே துடைத்தான். கறுப்பாக, ஒரு விரிசல் இல்லாமல், நூல் பிடித்தமாதிரி நேராக ஓடியது. மூலையில் திரும்புகிற இடத்தில் தாரை மடித்து ஒரு கை கூடுதலாக ஊற்றியிருந்தார் மனுஷன். அதற்கு மேலே பூச்சின் அடி விளிம்பு கத்தியால் நறுக்கினமாதிரி நின்றிருந்தது. அரைகுறையாக விட்ட வேலையில் விளிம்பு அப்படி இருக்காது. அதை அன்றைக்கே பார்த்திருக்கலாம். இருபத்தைந்து வருஷம் சுவரில் கைவைத்துப் பிழைத்தவன்.

அவள் அருகில் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"இது என்ன அண்ணே?"

சொன்னான். ரசமட்டம் சொன்னதை அப்படியே சொன்னான். ஈரம் எப்படி ஏறும், இந்தக் கோடு எப்படி நிறுத்தும், அந்த ஒரு சாணை மாப்பிள்ளை ஏன் பூசாமல் விட்டார், படி இல்லாமல் இருக்கட்டும் என்று தான் மண்ணைப் போட்டு அதை எப்படி மூடினான், எல்லாம். "அதைத் தொடாதீங்கன்னு அவர் என்கிட்ட சொன்னார்ம்மா. என் காதுலயே சொன்னார். மணல்ல ஒரு குறையும் இல்லை. எல்லாம் நான் செஞ்சது. நான்தான்" என்றான். அழுதுவிட்டான். நாற்பத்தெட்டு வயது ஆள், மண்ணில் முழங்கால் போட்டுக்கொண்டு ஏங்கி ஏங்கி அழுதான்.

அவள் அழவில்லை. விரலை நீட்டி அந்தக் கறுப்புக் கோட்டின்மேல் வைத்தாள். மூலைவரைக்கும் தடவிக்கொண்டே போனாள். திரும்பி வந்தாள்.

"ரெண்டு வருஷமா நான் அந்த மனுஷனை வைஞ்சிருக்கேன்" என்றாள். "வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் சொல்லியிருக்கேன். படத்தைக் கவிழ்த்து வச்சிருக்கேன்."

"தெரியாம செஞ்சுட்டேன்ம்மா."

"அது தெரியாமதான். நீ எனக்கு நல்லதுன்னு நினைச்சுத்தான் செஞ்சே. அதுல எனக்கு ஒண்ணுமில்லை." குழியிலிருந்து கண்ணை எடுத்தாள். "உனக்கு எப்போ தெரியும்?"

இதையும் ஒரு பொய்யில் கடந்துவிடலாம். நேற்று என்று சொன்னால் போதும். அவனுக்குச் சொல்ல வாய் வரவில்லை.

"ஒன்றரை மாசமா."

"பலகை அடிக்கும்போது தெரியும்."

"தெரியும்."

"அந்தம்மா கேட்டப்போ, நான் உன் முன்னாடி நின்னு அவரைச் சொன்னேனே, அப்போ?"

அவன் தலையைத் தூக்கவில்லை. "தெரியும்மா."

அவள் எழுந்து சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள். கத்தவில்லை, அதுதான் கொடுமை. கத்தியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பான்.

"சுத்தியலை வச்சுட்டுப் போ அண்ணே."

"ஒன்பது மாசம் காயணும்மா. நான் சுத்தி எல்லாத்தையும் உடைச்சு, உள்பூச்சைக் கொத்தி..."

"மீதியை நானே உடைச்சுக்கறேன். காயும்போது காயட்டும். நீ வராதே."

சுத்தியலையும் உளியையும் குழியின் ஓரத்தில் வைத்தான். எதற்கு என்று தெரியாமல், மண் ஒட்டியிருந்த உளியின் முனையைச் சட்டையில் துடைத்து வைத்தான். அவள் பார்க்கவில்லை. உள்ளே போனாள், அலமாரியைத் திறக்கிற சத்தம் கேட்டது.

தெருமுனைக்குப் போவதற்குள் பின்னால் அடிக்கிற சத்தம் ஆரம்பித்துவிட்டது. உளியைச் செங்குத்தாகப் பிடித்து அடிக்கிறாள், சத்தத்திலேயே தெரிந்தது. அப்படி அடித்தால் காங்கிரீட் உடையாது, கைதான் அதிரும், தோள் கழன்றுபோகும். கொஞ்சம் சாய்த்துப் பிடி என்று சொல்ல வேண்டும். ஓடிப்போய் ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவன் அங்கேயே நின்றான். ஒவ்வொரு அடியும் தப்பாகத்தான் விழுந்துகொண்டிருந்தது, அவள் நிறுத்தவில்லை. போய்ச் சொல்லும் உரிமை அவனுக்கு இனிமேல் இல்லை.